ஆண்டு மலரில் ஒருவரை நல்லவர் என்று எழுதுவது எப்படி

பள்ளி ஆண்டு மலருக்கு வரும் குணச்சித்திரக் கட்டுரைகளை வரிசையாகப் படித்தால், எல்லாம் ஒரே ஆளைப் பற்றி எழுதியது போலவே இருக்கும். ஓய்வு பெறும் தலைமையாசிரியரா, நூலகரா, இரவுக் காவலரா, சத்துணவுச் சமையலரா என்பதெல்லாம் தலைப்பில்தான் தெரியும். உள்ளே போனால் முதல் பத்தி இப்படித்தான் இருக்கும்: “அவர் அன்பானவர், பண்பானவர், கனிவானவர், கருணை உள்ளம் கொண்டவர். எல்லோருக்கும் உதவும் மனப்பான்மை உடையவர்.” பெயரை மட்டும் மாற்றிவிட்டு அடுத்த ஆண்டு வேறொருவருக்கும் இதையே போடலாம். சில பள்ளிகளில் போடவும் செய்கிறார்கள்.

எழுதிய பிள்ளைக்குச் சொல்வளம் இல்லை என்று இதற்குக் காரணம் சொல்வது வழக்கம். சொல் நிறையத்தான் இருக்கிறது. ஒரே வரியில் நான்கை அடுக்கியிருக்கிறதே! ஒவ்வொரு சொல்லும் எந்தச் செயலுக்கு உரியது என்று பார்க்காமல், நான்கும் ஒன்றுதான் என்று நினைத்துக் கொட்டியதுதான் கோளாறு. ஆங்கிலப் பகுதிக்கு எழுதுகிறவர்களும் இதையேதான் செய்கிறார்கள். ‘கைண்ட்’ என்று ஒரு தடவை எழுதியாயிற்று, மறுபடி அதையே எழுதக்கூடாது என்று ஜெனரஸ், கன்சிடரேட், கிரேஷியஸ், கம்பாஷனேட் என்று அகராதியிலிருந்து எடுத்து வைக்கிறார்கள். அந்த நான்கும் நான்கு தனித்தனிச் செயல்களைக் குறிப்பவை.

இடத்தையும் கணக்கில் வைக்க வேண்டும். ஆண்டு மலரில் ஒரு குணச்சித்திரத்துக்குக் கிடைப்பது பெரும்பாலும் ஒரு பக்கம். புகைப்படம், தலைப்பு, எழுதியவர் பெயர், வகுப்பு எல்லாம் போக 250 சொல், மிஞ்சினால் 300. ஒரு நிகழ்ச்சியைக் கண்ணில் படும்படி சொல்ல 60 சொல்லாவது வேண்டும். அப்படியானால் ஒரு பக்கத்தில் மூன்று நிகழ்ச்சிக்கு மேல் நிற்காது. எனவே குணமும் இரண்டு, அதிகம் போனால் மூன்று. மற்றவை உண்மையாகவே இருந்தாலும் விட்டுவிட வேண்டியதுதான்.

எடுத்துக்காட்டுக்கு ஒரு சத்துணவுச் சமையலரை வைத்துக்கொள்வோம். கற்பனை ஆள்தான், பிள்ளைகள் ஆயாம்மா என்று கூப்பிடுகிறார்கள். அவரைப் பற்றி எழுதப் போகும் மாணவி முதலில் செய்ய வேண்டியது, குணச் சொல் எதையும் தொடாமல், அவர் செய்தவற்றை மட்டும் ஒரு தாளில் எழுதுவது. இப்படி வந்ததாக இருக்கட்டும்: தினமும் முட்டை கொடுப்பார். முட்டை சாப்பிடாத பிள்ளைகளுக்கு வாழைப்பழம் கொடுப்பார், ஆனால் வரிசையில் சத்தமாகக் கேட்கமாட்டார். பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வு நாட்களில் வீட்டிலிருந்து நீர்மோர் கொண்டுவருவார். சோற்றில் கல் இருந்ததென்று ஒன்பதாம் வகுப்புப் பையன் எல்லார் முன்னாலும் கத்தினான், அவர் கோபப்படவில்லை. காலை வழிபாட்டில் ஒரு பையன் மயங்கி விழுந்தபோது ஓடிவந்தார்.

இதில் முதல் வரியைப் பார்த்ததும் மாணவி எழுதுவாள்: “வாரி வழங்கும் வள்ளல்.” அது பொருந்தாது. முட்டை அரசு தருவது. அமைப்பாளர் பதிவேட்டில் எழுதிக் கணக்குக் கொடுப்பது. அதைக் கொடுப்பது ஆயாம்மாவின் வேலை. ஈகை, கொடை, வள்ளன்மை, தாராளம், ஆங்கிலத்தின் ஜெனரஸ் எல்லாவற்றுக்கும் ஒரே நிபந்தனை: கொடுக்கிற பொருள் கொடுப்பவருடையதாக இருக்க வேண்டும், கொடுத்ததால் அவரிடம் அது குறைய வேண்டும். அலுவலகப் பணத்தில் தாராளமாக இருப்பவரை வள்ளல் என்று யாரும் சொல்வதில்லை; அதற்கு வேறு பெயர் இருக்கிறது.

நீர்மோர் அப்படியல்ல. ஆனால் “தேர்வு நாட்களில் மோர் கொடுத்தார்” என்று எழுதி நிறுத்தினால் அது ஒரு தகவல், அவ்வளவே. அவருக்கு என்ன குறைந்தது என்று கேட்டு வாங்க வேண்டும். மாணவி போய்ப் பேசினால் தெரியவரும்: வீட்டில் ஒரு கறவை மாடு, காலையில் கறக்கும் பால் சொசைட்டிக்குப் போகும். தேர்வு நாட்களில் மட்டும் இரண்டு லிட்டரை ஊற்றாமல் நிறுத்தி உறை ஊற்றிவிடுவார். அந்தத் தயிரைக் கடைந்து மூன்று பங்கு தண்ணீர் விட்டால் எட்டு லிட்டர் மோர் வரும். ஒரு டம்ளர் 200 மில்லி என்றால் 40 பிள்ளைகளுக்கு. சொசைட்டி அட்டையில் அந்த நாட்களில் அளவு குறைந்திருப்பது கண்கூடாகத் தெரியும். இப்போது ‘தாராளம்’ என்ற சொல்லை எழுதவே வேண்டாம். இரண்டு லிட்டர் குறைந்த அந்த அட்டையே சொல்லிவிடும்.

பணக்காரர் கொடுப்பதை எழுதுவதில் இன்னொரு சிக்கல் உண்டு. கழிவறை கட்டிக் கொடுத்தவர், கணினி வாங்கித் தந்த முன்னாள் மாணவர் ஆகியோருக்கு மலரில் ஒரு பக்கம் ஒதுக்கியே ஆக வேண்டும். அவர்களைப் புரவலர் என்று குறிப்பிடலாம். அது அவர்கள் செய்த பணியின் பெயர், குணத்தின் பெயர் அல்ல. என்ன கொடுத்தார், எந்த ஆண்டு, எந்தக் கட்டடத்துக்கு என்று எழுதி நன்றி சொன்னால் போதும். ‘பாரி வள்ளல்’, ‘கலியுகக் கர்ணன்’ எல்லாம் சுவரொட்டிகளில் அடிபட்டுத் தேய்ந்த பெயர்கள். பாரியை வள்ளலாக நினைவு வைத்திருப்பதே, படரக் கொழுகொம்பில்லாத முல்லைக்குத் தன் தேரையே விட்டுவிட்டு நடந்து போனதால்தான். அங்கும் அவனிடமிருந்து குறைந்தது என்ன என்பதுதான் கதை. எதுவும் குறையாத ஒருவருக்கு அந்தப் பெயரைச் சூட்டினால் படிக்கிறவர் சிரிப்பார்.

அடுத்தது வாழைப்பழம். இதுதான் பட்டியலில் மிக நல்ல செய்தி. மாணவிகள் இதைத்தான் பெரும்பாலும் விட்டுவிடுவார்கள், சின்ன விஷயம் என்று. பழமும் அரசுக் கணக்குதான், அதனால் இது ஈகை இல்லை. யாரும் அழவில்லை, விழவில்லை, அதனால் கருணையும் இல்லை. ஆனால் எண்பது பேர் நிற்கும் வரிசையில் “முட்டை சாப்பிடாதவங்க எல்லாம் தனியா வாங்க” என்று கூப்பிட்டால் என்ன ஆகும் என்று அவருக்குத் தெரிந்திருக்கிறது. யார் வீட்டில் என்ன சாப்பிடுவார்கள் என்பது வரிசை முழுவதற்கும் தெரிந்துவிடும். அவர் முகத்தை நினைவு வைத்துக்கொண்டு, அந்தப் பிள்ளை வரும்போது பழத்தை எடுத்துத் தட்டில் வைத்துவிடுகிறார். பேச்சே இல்லை.

கன்சிடரேட் என்பது இதைத்தான். பிறருக்கு எது சங்கடம் தரும் என்று அவர் வாய்திறப்பதற்கு முன்பே உணர்ந்து, அதற்கேற்ப நடப்பது. தமிழில் நடைமுறைப் பேச்சில் ‘இங்கிதம் தெரிந்தவர்’ என்கிறோம். ‘குறிப்பறிந்து நடப்பவர்’ என்றும் சொல்லலாம். ‘பரிவு’ கொஞ்சம் நெருங்கி வரும், ஆனால் பரிவில் வருத்தத்தின் சாயல் உண்டு. பிள்ளைக்கு ஏதோ குறை இருப்பது போல் ஆகிவிடும். முட்டை சாப்பிடாதது குறை அல்ல. இந்த இடத்தில் இங்கிதம்தான் சரி.

இந்தக் குணத்தை எழுதும்போது இரண்டு பக்கமும் எழுத வேண்டும். அவர் செய்தது மட்டும் போதாது, செய்யாமல் விட்டதும் வேண்டும். “முகம் பார்த்துப் பழம் வைப்பார்” என்பது பாதி. “ஒருநாளும் வரிசையில் பெயர் சொல்லிக் கேட்டதில்லை” என்பது மீதி. தவிர்த்த செயல் இல்லாமல் இங்கிதம் கண்ணுக்குத் தெரியாது. இன்னொன்று: இது ஒரு தடவை நடந்ததாக இருந்தால் தற்செயலாகவும் இருக்கலாம். ‘ஒருநாளும்’, ‘எப்போதும்’ என்ற சொல்லை எழுத வேண்டுமானால் இரண்டு மூன்று வகுப்புப் பிள்ளைகளிடம் கேட்டு உறுதி செய்துகொள்ள வேண்டும்.

கல் விழுந்த சோற்றுக் கதைக்கு மாணவி எழுதக்கூடியது ‘பொறுமைசாலி’. அது தவறில்லை, ஆனால் அதற்கு மேலும் ஏதாவது இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். திருப்பிச் சொல்ல வழியில்லாதவர் பேசாமல் இருப்பது பொறுமை. திருப்பிச் சொல்ல உரிமையும் வாய்ப்பும் இருந்தும் விட்டுக்கொடுப்பது பெருந்தன்மை. கிரேஷியஸ் என்ற சொல்லும் இந்த இரண்டாவதன் பக்கம்தான் நிற்கிறது. தோற்றவர் வென்றவரைப் பாராட்டுவது, மேடையில் மாலை போட வந்தவர் பெயரைத் தவறாகச் சொன்னபோது முகம் சுளிக்காமல் இருப்பது, மன்னிப்புக் கேட்டவரை அதற்கு மேல் கேட்க விடாமல் பேச்சை மாற்றுவது எல்லாம் அந்த வகை. கையில் ஏதோ ஒரு பலம் இருக்க வேண்டும், அதைப் பயன்படுத்தாமல் இருக்க வேண்டும், எதிரில் இருப்பவர் கூனிக் குறுகாமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.

ஆயாம்மாவுக்கு அந்தப் பலம் இருந்ததா? இது தெரியாமல் ‘பெருந்தன்மை’ என்று எழுதினால், வேலை போய்விடுமோ என்று பயந்து பேசாமல் இருந்த ஒருவரைப் புகழ்ந்ததாகவும் ஆகலாம். விசாரித்தால் கிடைப்பது: கத்திய சத்தம் கேட்டுத் தலைமையாசிரியரே வந்திருக்கிறார், யார் பேசியது என்று கேட்டிருக்கிறார். “பசியில பேசிட்டான் சார், சின்னப் பையன். கல்லு இருந்தது நெசந்தான்” என்று சொல்லிவிட்டு, அவன் தட்டை வாங்கிக் கழுவி வேறு சோறு போட்டிருக்கிறார். பெயரைச் சொல்லியிருந்தால் அவன் அப்பாவோடு வந்து நின்றிருப்பான். இங்கே பெருந்தன்மைக்கு ஆதாரம் “நெசந்தான்” என்ற ஒரு சொல்தான். தன் பக்கத்துக் குறையை ஒப்புக்கொண்டு, அவன் பக்கத்துக் குறையைச் சின்னதாக்கிவிட்டார். மேற்கோளாக அதை அப்படியே அவர் பேச்சிலேயே போட வேண்டும். “உண்மைதான் ஐயா” என்று திருத்திவிட்டால் ஆள் போய்விடுவார். தமிழாசிரியர்கள் சிவப்பு மையை எடுப்பதற்கு முன் இதைக் கொஞ்சம் யோசிக்கலாம்.

மயங்கி விழுந்த பையன் விஷயத்தில் கருணை, இரக்கம் இரண்டும் பொருந்தும். துன்பப்படும் ஒருவர் முன்னால் இருக்கிறார், பார்த்தவர் மனம் இளகுகிறது, கை உதவிக்குப் போகிறது. சொல்லில் சிக்கல் இல்லை, ஆனால் வாக்கியத்தில் இருக்கிறது. “ஏழை மாணவன்மீது இரக்கப்பட்டு” என்று எழுதினால் ஆயாம்மா உயர்வதைவிட அந்தப் பையன் தாழ்வதுதான் அதிகம். ‘தயவு’ இன்னும் மோசம்; ஒருவர் தயவில் இருப்பது என்பது யாரும் விரும்பிச் சொல்லிக்கொள்வது அல்ல. ‘கருணை’க்குப் பள்ளியிலேயே வேறு ஒரு வாடை உண்டு: கருணை மதிப்பெண். தகுதியில்லாமல் கிடைத்தது என்ற நினைப்பு கூடவே வரும்.

அதைவிடப் பெரிய ஆபத்து, அந்தப் பையனை அடையாளம் காட்டிவிடுவது. ஆண்டு மலர் எல்லா வீட்டுக்கும் போகிறது, அலமாரியில் பல ஆண்டு இருக்கிறது. பெயரை விட்டால் மட்டும் போதாது. “ஏழாம் வகுப்பு ஆ பிரிவில் படிக்கும், தந்தையை இழந்த மாணவன்” என்றால் ஊரில் அனைவருக்கும் யார் என்று தெரிந்துவிடும். வகுப்பு, தெரு, பெற்றோர் தொழில், காலையில் ஏன் சாப்பிடவில்லை என்ற காரணம், இவற்றில் ஒன்றுகூட வேண்டாம். உதவி பெற்றவரை மறைத்தால் நிகழ்ச்சியே நிற்காது என்றால், அந்த நிகழ்ச்சியை விட்டுவிட வேண்டும். இந்த எடுத்துக்காட்டில் நான் விட்டுவிடத்தான் சொல்வேன். மோரும் பழமும் கல்லும் போதும், ஒரு பக்கம் நிறைந்துவிடும்.

‘அன்பு’ பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனெனில் எல்லாரும் முதலில் எடுப்பது அதைத்தான். திருக்குறள் இந்தக் குணங்களை ஒரே அதிகாரத்தில் போட்டுக் குழப்பவில்லை. அன்புடைமை, ஒப்புரவறிதல், ஈகை ஆகியவை இல்லறவியலில் இருக்கின்றன. அருளுடைமை துறவறவியலில். கண்ணோட்டம் பொருட்பாலில், அரசனுக்குச் சொல்லும் பகுதியில். அருளை ‘அன்பு ஈன்ற குழந்தை’ என்று ஒரு குறள் சொல்கிறது. தொடர்புடையவர்மேல் செல்வது அன்பு, தொடர்பு இல்லாதவர்மேலும் செல்வது அருள் என்று உரைகாரர்கள் பிரிப்பார்கள். இந்தப் பிரிவு குணச்சித்திரம் எழுதுகிறவருக்கு நேரடியாகப் பயன்படும். வகுப்பாசிரியர் தன் வகுப்புப் பிள்ளைகள்மேல் அன்பாக இருந்தார் என்பது செய்தி அல்ல. தன் வகுப்பே இல்லாத, தனக்கு எந்தக் கணக்கிலும் வராத பிள்ளைக்கு என்ன செய்தார் என்பதுதான் செய்தி.

பழைய சொல்லை எடுப்பதில் பொறியும் இருக்கிறது. குறளில் கண்ணோட்டம் என்றால் முகம் பார்த்து இரங்குவது. இன்று அந்தச் சொல்லுக்குப் பார்வைக் கோணம் என்றுதான் எல்லாரும் பொருள் கொள்வார்கள். “கண்ணோட்டம் மிக்கவர்” என்று மலரில் எழுதினால் அச்சுப்பிழை என்று நினைப்பார்கள். ‘தாட்சண்யம்’ வேறு விதமாகக் காலை வாரும். “தாட்சண்யம் பார்க்காமல் நடவடிக்கை எடுத்தார்” என்பதுதான் இன்று பாராட்டு. தாட்சண்யம் உள்ளவர் என்றால் மறுக்கத் தெரியாதவர் என்று ஆகிவிடும். ‘ஈவு இரக்கம்’ கிட்டத்தட்ட எப்போதும் ‘அற்ற’ என்பதோடு ஒட்டியே வருவதால், அதை நேர்ப்பொருளில் எழுதினால் காதுக்கு இடறும்.

இனி மாணவி எழுதிய திருத்திய பத்தி இப்படி வரலாம்:

“முட்டை வரிசையில் ஆயாம்மா யாரையும் கேள்வி கேட்பதில்லை. தட்டை நீட்டும் முகத்தைப் பார்ப்பார். முட்டையோ பழமோ, எது வேண்டுமோ அது தட்டில் இருக்கும். பொதுத்தேர்வு நாட்களில் அவர் வீட்டுச் சொசைட்டி அட்டையில் இரண்டு லிட்டர் குறைந்திருக்கும். அந்தப் பால்தான் மறுநாள் எங்கள் கையில் மோராக வந்தது. ஒருநாள் சோற்றில் கல் இருந்ததென்று ஒரு மாணவர் எல்லார் முன்னாலும் சத்தம் போட்டார். யார் என்று தலைமையாசிரியர் கேட்டபோது ஆயாம்மா சொன்னது: ‘பசியில பேசிட்டான் சார், சின்னப் பையன். கல்லு இருந்தது நெசந்தான்.’ அவருடைய பெருந்தன்மைக்கு எங்கள் பள்ளியில் வேறு சாட்சி தேவையில்லை.”

குணச் சொல் ஒன்றே ஒன்றுதான் வந்திருக்கிறது, அதுவும் நிகழ்ச்சிக்குப் பின்னால். என்னைக் கேட்டால் கடைசி வரியையும் வெட்டிவிடலாம். ஆனால் மலர்க் குழுவில் யாராவது ஒருவர் ‘குணத்தைச் சொல்லவே இல்லையே’ என்று நிச்சயம் கேட்பார், அவருக்காக வைத்துக்கொள்ளலாம். வைக்கும்போது ‘மிகுந்த’, ‘ஒப்பற்ற’, ‘ஈடு இணையற்ற’ என்று முன்னால் எதையும் ஒட்டாமல் இருந்தால் சரி.

ஆங்கிலப் பகுதிக்கு எழுதுகிறவர்களுக்கும் இதே அளவுகோல்தான். கொடுத்தவருக்கு ஏதாவது குறைந்திருந்தால் ஜெனரஸ், முன்கூட்டியே உணர்ந்து நடந்திருந்தால் கன்சிடரேட், பலம் இருந்தும் விட்டுக்கொடுத்திருந்தால் கிரேஷியஸ், துன்பத்தைக் கண்டு இளகியிருந்தால் கம்பாஷனேட். மோருக்கு முதலாவது, பழத்துக்கு இரண்டாவது, கல்லுக்கு மூன்றாவது. அங்கே வழக்கமாக நடக்கும் தவறுகள் சில உண்டு. கன்சிடரேட் என்று எழுத நினைத்து கன்சிடரபிள் என்று எழுதுவது. அதற்குக் ‘கணிசமான’ என்று பொருள், ‘கணிசமான ஆயாம்மா’ என்று ஆகிவிடும். கிரேஷியஸுக்குப் பதில் கிரேஸ்ஃபுல் வருவது. அது நளினமான நடை, அசைவு பற்றிய சொல், நடனம் ஆடும் மாணவிக்குப் போடலாம். ஜெனரஸுக்குப் பின்னால் வரும் சிறு சொல்லும் கவனிக்க வேண்டியது: யாரிடம் என்று சொல்ல ‘டு’, எதை என்று சொல்ல ‘வித்’. பிள்ளைகளிடம் தாராளம் என்பதற்கும் நேரத்தைத் தாராளமாகக் கொடுப்பவர் என்பதற்கும் வேறு வேறு சொல்.

அச்சுக்குப் போகும் முன் பக்கத்தை ஆயாம்மாவிடம் ஒருமுறை படித்துக் காட்டியாக வேண்டும். சொசைட்டி அட்டையைப் பற்றி எழுதியது அவர் வீட்டில் யாருக்காவது தெரியாத விஷயமாக இருக்கலாம். அப்படியானால் அந்த இரண்டு லிட்டர் வரியை எடுத்துவிட்டு, ‘வீட்டுப் பாலில் செய்த மோர்’ என்று மட்டும் போட்டுக்கொள்ளலாம்.